ஆவி அடர்த்தியிலிருந்து பிரிகை வீதம்: விடை பிசகினால் எங்கே தேடுவது?

ஒரு வாயு சிதையும்போது அதன் நிறை மாறாது, மோல்களின் எண்ணிக்கைதான் கூடும். அதனால் அழுத்தத்தை மாற்றாமல் விட்டால் வாயு விரிந்து அடர்த்தி குறையும். பருமனைப் பூட்டி வைத்தால் அழுத்தம் ஏறும். பிரிகை வீதக் கணக்கு முழுவதும் இந்த ஒரே மோல் எண்ணிக்கைதான். தவறான விடை வந்தால், அந்த எண்ணிக்கை எந்த இடத்தில் பிசகியது என்று தேடினால் போதும். சூத்திரத்தை மறுபடி மனப்பாடம் செய்வதால் பயனில்லை.

அடிப்படையை ஒருமுறை எழுதிக்கொள்வோம். ஒரு மோல் வாயு முழுவதும் சிதைந்தால் n மோல் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். α பங்கு மட்டும் சிதைந்திருந்தால் மொத்த மோல்கள் 1 + (n − 1)α. இந்த α-தான் பிரிகை வீதம். சிதையாத வாயுவின் ஆவி அடர்த்தி D, அதாவது மூலக்கூறு நிறையில் பாதி. அளந்து கண்ட ஆவி அடர்த்தி d. நிறை மாறாததால் அடர்த்தி மோல்களுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும்:

D/d = 1 + (n − 1)α

அழுத்தம் கொடுத்திருந்தால் இடப்பக்கம் மட்டும் மாறும். பருமனும் வெப்பநிலையும் நிலையாக இருக்கும்போது

P/P0 = 1 + (n − 1)α

இங்கே P சமநிலையில் உள்ள மொத்த அழுத்தம். P0 என்பது அதே வெப்பநிலையில், அதே குடுவையில், ஒரு மூலக்கூறுகூடச் சிதையாமல் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய அழுத்தம். இந்த வரையறையை அவசரத்தில் தாண்டிப் போகிறவர்கள் பலர். கீழே வரும் மிக நீண்ட பகுதி அதைப் பற்றியதுதான்.

கணக்கைத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. தூய வாயுவில் தொடங்கியிருந்தால் d எப்போதும் D-க்கும் D/n-க்கும் இடையில்தான் விழும். N2O4-க்கு அந்த எல்லைகள் 46, 23. PCl5-க்கு 104.25, 52.1. கொடுத்த d இந்த எல்லைக்கு வெளியே இருந்தால் α-வைக் கணக்கிடாதீர்கள். தரவை நீங்கள் புரிந்துகொண்ட விதத்தில்தான் சிக்கல்.

α எதிர்க்குறியில் வருகிறது

d, D-ஐ விடப் பெரிதாக இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் D-ஐத் தவறான மூலக்கூறுக்குப் போட்டிருப்பீர்கள். வினாத்தாள்களில் அடிக்கடி வரும் கணக்கையே எடுத்துக்கொள்வோம்: NO2, N2O4 கலவையின் ஆவி அடர்த்தி 26.7 °C-ல் 38.3. வினாவில் NO2 முதலில் எழுதியிருப்பதால் D = 23 என்று போட்டால், 23/38.3 − 1 = −0.40 என்று வரும். சிதைவது எது, சிதைவில் விளைவது எது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். பெரிய மூலக்கூறான N2O4-தான் சிதைகிறது. D = 46. ஆகவே 46/38.3 − 1 = 0.20. ஐந்தில் ஒரு பங்கு சிதைந்திருக்கிறது.

அதே வினா 100 கிராம் கலவையில் எத்தனை மோல் NO2 என்று தொடரும். தொடக்கத்தில் N2O4 100/92 = 1.087 மோல். அதில் 0.201 பங்கு சிதைந்தால் 0.2185 மோல். ஒவ்வொன்றும் இரண்டு NO2 தருவதால் 0.437 மோல். கடைசி இரட்டிப்பை மறந்து 0.2185-ல் நிறுத்திவிடுவது வழக்கமான பிழை. α என்பது சிதைந்த N2O4-இன் பங்கு, உருவான NO2-இன் பங்கு அல்ல.

எதிர்க்குறி எப்போதும் கணக்குப் பிழை என்று நினைத்துவிட வேண்டாம். அசிட்டிக் அமிலத்தின் மூலக்கூறு நிறை 60. ஆவி அடர்த்தி 30 இருக்க வேண்டும். ஆனால் கொதிநிலைக்கு அருகில் அளந்தால் அதைவிடத் தெளிவாக அதிகமாக வரும். ஹைட்ரஜன் பிணைப்பால் இரண்டிரண்டு மூலக்கூறுகள் சேர்ந்திருப்பதே காரணம். அங்கே நடப்பது சிதைவு அல்ல, சேர்க்கை. அப்படிப்பட்ட வாயுவுக்கு இரட்டை மூலக்கூறையே தொடக்கமாக வைத்து D = 60 என்று எடுத்துக்கொண்டால் அதே சூத்திரம் சரியாக வேலை செய்யும். அலுமினியம் குளோரைடுக்கும் Al2Cl6 என்பதில் தொடங்குவதே முறை.

α ஒன்றைத் தாண்டுகிறது

ஒன்றுக்கு மேல் ஒரு பங்கு சிதைய முடியாது. d, D/n-ஐ விடச் சிறியதாகிவிட்டது. இரண்டு காரணங்களைப் பாருங்கள்.

முதல் காரணம், மூலக்கூறு நிறையையும் ஆவி அடர்த்தியையும் கலந்துவிடுவது. PCl5-க்கு 208.5 என்பதை D ஆகப் போட்டு, d = 70 என்ற ஆவி அடர்த்தியோடு வகுத்தால் α = 1.98 வரும். உண்மையில் 104.25/70 − 1 = 0.49. இரண்டையும் மூலக்கூறு நிறையாக வைக்கலாம், இரண்டையும் ஆவி அடர்த்தியாக வைக்கலாம், விகிதம் ஒன்றுதான். ஒன்றை அப்படி, மற்றொன்றை இப்படி வைக்கக் கூடாது. வினாவில் 'கலவையின் சராசரி மோலார் நிறை' என்று இருந்தால் அதைப் பாதியாக்காமல் M-உடன் ஒப்பிடுவது பாதுகாப்பான வழி.

இரண்டாவது காரணம், எதோடு ஒப்பிட்ட அடர்த்தி என்பது. ஆவி அடர்த்தி இன்று ஹைட்ரஜனோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டு அளவீடுகள் பெரும்பாலும் காற்றோடு ஒப்பிட்டவை. PCl5 ஆவியை அளந்த பிரெஞ்சு வேதியியலாளர் கஹூர் 182 °C-ல் 5.08 என்றும் 300 °C-ல் 3.65 என்றும் பதிவு செய்தார். இந்த 5.08-ஐ 104.25-க்குக் கீழே வைத்து வகுத்தால் α ஏறத்தாழ 19.5 என்ற அபத்தம் வரும். காற்றின் சராசரி மூலக்கூறு நிறை ஏறத்தாழ 28.9, அதில் பாதி 14.45. ஆகவே காற்றோடு ஒப்பிட்ட D = 104.25/14.45 = 7.21. இப்போது 7.21/5.08 − 1 = 0.42, 7.21/3.65 − 1 = 0.975. சுமார் 120 பாகை ஏற்றத்தில் PCl5 பாதிக்கும் குறைவான சிதைவிலிருந்து ஏறத்தாழ முழுச் சிதைவுக்குப் போகிறது. ஆவி சூடேறச் சூடேறக் குளோரினின் பசுமஞ்சள் நிறம் தெரிவதோடு இது ஒத்துப்போகிறது. இப்படிப் பழைய தரவு கையில் வந்தால், எண் 10-க்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கனமான ஆவிக்கு அவ்வளவு சிறிய எண் வந்தால் அது காற்றோடு ஒப்பிட்டதாகத்தான் இருக்கும்.

α நம்பும்படி இருக்கிறது, ஆனால் விடையோடு ஒத்துப்போகவில்லை

இதில்தான் n மாட்டிக்கொள்ளும். SO3 சிதைவை 2SO3 ⇌ 2SO2 + O2 என்று எழுதுவது வழக்கம். வலப்பக்கம் மூன்று மோல் இருப்பதைப் பார்த்து n = 3 என்று போட்டுவிடுகிறார்கள். n என்பது ஒரு மோல் வாயுவிலிருந்து வரும் மோல்களின் எண்ணிக்கை. இரண்டு SO3 மூன்றாகிறது என்றால் ஒரு SO3 ஒன்றரை ஆகிறது. n = 1.5.

D = 40, d = 35 என்று வைத்துப் பார்ப்போம். சரியான கணக்கு: 40/35 = 1.143, அதிலிருந்து 1 கழித்தால் 0.143, அதை n − 1 = 0.5-ஆல் வகுத்தால் α = 0.286. n = 3 என்று போட்டிருந்தால் 2-ஆல் வகுத்து 0.071 வந்திருக்கும், அதாவது சரியான விடையில் நான்கில் ஒரு பங்கு. 2NH3 ⇌ N2 + 3H2-க்கு n = 4 என்று போடுகிறவர்களுக்கு விடை மூன்றில் ஒரு பங்காக வரும். அங்கே சரியான n இரண்டு. உங்கள் விடைக்கும் சரியான விடைக்கும் உள்ள விகிதம் இப்படி ஒரு சுத்தமான முழு எண்ணாக வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், n-ஐப் பாருங்கள்.

n = 1 ஆனால் வகுக்கும் எண் பூச்சியம். 2HI ⇌ H2 + I2-இல் இதுதான் நிலை. எவ்வளவு சிதைந்தாலும் மோல் எண்ணிக்கை மாறாது, d எப்போதும் 64. ஆவி அடர்த்தியும் அழுத்தமும் இந்தச் சமநிலையைப் பற்றி எதுவும் சொல்லாது. ஜெர்மன் வேதியியலாளர் போடன்ஸ்டைன் HI-யை மூடிய கண்ணாடிக் குமிழ்களில் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, உள்ளே இருப்பதைப் பகுப்பாய்வு செய்துதான் அளந்தார். இந்த வினையில் d கொடுத்து α கேட்கும் வினா வந்தால் வினாவே தவறு.

அழுத்தத் தரவில் α மிகக் குறைவாக வருகிறது

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். நல்ல மாணவர்களும் இங்கே வழுக்குவார்கள், ஏனென்றால் இங்கே வரும் தவறான விடை எந்த எல்லையையும் மீறாது.

ஒரு லிட்டர் குடுவையில் 1.84 கிராம் N2O4 இருக்கிறது. 25 °C-ல் அழுத்தம் 0.606 அட்மாஸ்பியர். 45 °C-க்குச் சூடாக்கினால் 0.741 அட்மாஸ்பியர். 45 °C-ல் α என்ன? (இந்த எண்கள் N2O4-இன் சமநிலை மாறிலியிலிருந்து கணக்கிட்டவை.)

முதல் வழி: 0.606-ஐ P0 என்று எடுத்துக்கொள்வது. 0.741/0.606 − 1 = 0.22.

இதில் ஒரு குறை உடனே தெரியும். சிதைவே இல்லாவிட்டாலும் சூடாக்கினால் அழுத்தம் ஏறும். எனவே இன்னும் கவனமான மாணவர் P0-ஐ வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்துவார்: 0.606 × 318/298 = 0.647. பிறகு 0.741/0.647 − 1 = 0.146.

இரண்டாவது வழி மேலானதாகத் தோன்றும். ஆனால் உண்மையான விடையிலிருந்து அது இன்னும் தள்ளிப் போயிருக்கிறது. நிறையிலிருந்து தொடங்கிப் பார்ப்போம். 1.84/92 = 0.020 மோல். 318 K-ல், ஒன்றுமே சிதையாமல் இருந்தால்

P0 = 0.020 × 0.0821 × 318 / 1 = 0.522 அட்மாஸ்பியர்

α = 0.741/0.522 − 1 = 0.419

0.146-க்கும் 0.419-க்கும் இடையே இவ்வளவு இடைவெளி ஏன்? 25 °C-லேயே N2O4 தூய N2O4 ஆக இல்லை. அந்த வெப்பநிலையில் சிதைவில்லாத அழுத்தம் 0.020 × 0.0821 × 298 = 0.489 ஆக இருந்திருக்க வேண்டும். அளவி காட்டியது 0.606. அப்போதே α = 0.24. குடுவையில் அறை வெப்பநிலையிலேயே செம்பழுப்பு நிறம் தெரிவது அதனால்தான். அந்த 0.606-ஐ P0 என்று எடுத்தால், ஏற்கனவே நடந்து முடிந்த சிதைவைப் பூச்சியமாகக் கணக்கிடுகிறோம். வெப்பநிலைத் திருத்தம் தனியாகச் செய்தது சரியான திருத்தம்தான், ஆனால் தவறான தொடக்கத்தின் மேல் போட்டது. முதல் வழியில் இரண்டு பிழைகள் எதிரெதிர்த் திசையில் இழுத்ததால்தான் விடை சற்று அருகில் நின்றது.

அதனால் நான் சொல்லும் நடைமுறை இது. வினாவில் நிறையும் பருமனும் கொடுத்திருந்தால் P0-ஐ wRT/MV என்று நீங்களே கணக்கிடுங்கள், அளந்த எந்த அழுத்தத்தையும் P0 ஆக ஏற்காதீர்கள். 'தொடக்க அழுத்தம்' என்று வினாவே கொடுத்திருந்தால், அது எந்த வெப்பநிலையில், அந்த வெப்பநிலையில் வாயு சிதையாமல் இருக்குமா என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தால், வெப்பநிலைத் திருத்தம் மட்டும் செய்து பயன்படுத்தலாம்.

சரிபார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. அதே தரவிலிருந்து ஆவி அடர்த்தியைக் கணக்கிடுங்கள். குடுவையில் அடர்த்தி லிட்டருக்கு 1.84 கிராம். சராசரி மோலார் நிறை 1.84 × 0.0821 × 318/0.741 = 64.8. அதில் பாதி 32.4. அப்படியானால் 46/32.4 − 1 = 0.42. இரு வழியும் ஒன்றையே சொல்கின்றன. இங்கே P0 என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் P0-இல் பிழை இருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

α சரி, சமநிலை மாறிலி தவறு

மேலே கண்ட குடுவையையே தொடர்வோம். N2O4-க்கு Kp-ஐ எழுத இரண்டு வடிவங்கள் புழங்குகின்றன:

Kp = 4α²P/(1 − α²)

Kp = 4α²P0/(1 − α)

முதலாவதில் P மொத்த அழுத்தம். இரண்டாவதில் P0 சிதைவில்லாத அழுத்தம். P = P0(1 + α) என்பதால் இரண்டும் ஒன்றுதான். நம் எண்களைப் போட்டால் இரண்டிலும் 0.631 வரும். சிக்கல், ஒரு வடிவத்தின் பகுதியோடு மற்றதன் அழுத்தத்தைச் சேர்க்கும்போது வருகிறது. (1 − α)-வோடு மொத்த அழுத்தம் 0.741-ஐப் போட்டால் 0.896. (1 − α²)-வோடு 0.522-ஐப் போட்டால் 0.445. இரண்டு தவறான விடைகளும் சரியானதிலிருந்து சரியாக 1.419 மடங்கு விலகியிருக்கின்றன. அந்த எண் 1 + α. உங்கள் Kp-ஐச் சரியான விடையோடு வகுத்துப் பார்த்து 1 + α அல்லது 1/(1 + α) வந்தால், P-யும் P0-வும் இடம் மாறியிருக்கின்றன.

சூத்திர வடிவங்களைத் தவிர்த்து, பகுதி அழுத்தங்களை எழுதிவிடுவது இந்தக் குழப்பத்தை வேரோடு தீர்க்கும். N2O4: 0.522 × 0.581 = 0.303. NO2: 0.522 × 0.838 = 0.437. கூட்டினால் 0.740, அளவியின் 0.741-உடன் கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடுகிறது. பிறகு 0.437²/0.303 = 0.63. பகுதி அழுத்தங்களைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடும் அந்த ஒரு வரியை நான் எந்தக் கணக்கிலும் விடச் சொல்லமாட்டேன்.

இன்னொன்று. α ஒரு வெப்பநிலைக்கு உரிய நிலையான எண் அல்ல. Kp-தான் அப்படி. அதே 45 °C-ல் குடுவைக்குப் பதில் பிஸ்டன் வைத்து மொத்த அழுத்தத்தை 2 அட்மாஸ்பியர் ஆக்கினால், α² = 0.631/(0.631 + 8) என்று α = 0.27-க்கு இறங்கிவிடும். இரண்டு நூல்களில் ஒரே வெப்பநிலைக்கு இரண்டு α இருந்தால், அழுத்தம் வேறாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிழை என்று சொல்ல வேண்டும்.

எப்படிச் செய்தாலும் α = 1 வருகிறது

தொடக்கப் பொருள் திண்மமா என்று பாருங்கள். NH4HS(s) ⇌ NH3 + H2S. திண்மத்துக்கு மேலே நிற்கும் வாயுவில் NH4HS மூலக்கூறே இல்லை, சம அளவு NH3-யும் H2S-உம் மட்டும். சராசரி மோலார் நிறை (17 + 34)/2 = 25.5, ஆவி அடர்த்தி 12.75. D-ஐ 51/2 = 25.5 என்று போட்டால் α = 1. குடுவையின் அடியில் திண்மத்தில் பெரும்பகுதி அப்படியே கிடந்தாலும் இதே விடைதான் வரும். ஆவி அடர்த்தி வாயுவை மட்டும்தான் பார்க்கிறது, அடியில் கிடப்பது அதற்குத் தெரியாது.

இங்கே மொத்த அழுத்தம்தான் வழி. 25 °C-ல் NH4HS-க்கு மேல் அழுத்தம் ஏறத்தாழ 0.66 அட்மாஸ்பியர். 2 லிட்டர் குடுவையில் 5.1 கிராம், அதாவது 0.1 மோல் போட்டிருந்தால், வாயு மோல்கள் 0.66 × 2/(0.0821 × 298) = 0.054. ஒரு NH4HS இரண்டு வாயு மோல் தருவதால் சிதைந்தது 0.027 மோல், பங்கு 0.27. குடுவையைப் பெரிதாக்கினால் இந்தப் பங்கு ஏறும், ஆனால் திண்மம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தம் 0.66-இலிருந்து அசையாது.

சூடாக்கிய NH4Cl-இல் கதை வேறு. அதன் ஆவியில் D 26.75 இருக்க வேண்டிய இடத்தில் பழைய அளவீடுகள் அதில் ஏறத்தாழப் பாதியையே தந்தன. அவகாட்ரோவின் கருதுகோளே தவறோ என்ற ஐயத்தை அது எழுப்பியது. ஆவியில் NH3-யும் HCl-உம் தனித்தனியாக இருக்கின்றன என்பதை 1862-இல் வேதியியலாளர் பெபால் விரவல் மூலம் பிரித்துக் காட்டினார். அங்கே எல்லாம் ஆவியாகிவிட்ட நிலையில் அளந்ததால் α ஒன்றுக்கு அருகில் வந்தது உண்மையான விடை. திண்மம் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதே இந்த இரண்டையும் பிரிக்கும் கேள்வி.

விளைபொருள் ஏற்கனவே கலந்திருக்கும்போது α இரட்டிப்பாகிறது

ஒரு மோல் PCl5-உடன் அரை மோல் Cl2-வும் சேர்த்துச் சூடாக்கினால் d = 70 என்று வந்தது என வைத்துக்கொள்வோம். பழக்கத்தில் 104.25/70 − 1 = 0.49 என்று போட்டுவிடுவோம். இது தவறு. D/d சூத்திரம் தூய PCl5-இல் தொடங்கியதற்கு மட்டும்தான். இங்கே மோல்களை நேராக எண்ண வேண்டும். மொத்த நிறை 208.5 + 35.5 = 244. சமநிலையில் மோல்கள் 1.5 + α. ஆகவே 244/(1.5 + α) = 140. இதிலிருந்து 1.5 + α = 1.743, α = 0.24.

எல்லைச் சோதனையும் இங்கே புதிதாகப் போட வேண்டும். α = 0 என்றால் d = 81.3, α = 1 என்றால் 48.8. ஈடுபடாத நைட்ரஜனோ காற்றோ கலந்திருந்தாலும் இதே முறைதான். ஆவி காற்றோடு கலக்கும்படி அமைந்த விக்டர் மேயர் முறை சிதையும் ஆவிகளுக்குப் பொருந்தாமல் போவதும் இதனால்தான். காற்றில் விரவிப் பகுதி அழுத்தம் ஓரிடத்தில் ஒருவிதமாக இருக்கும்போது, எந்த α-வை அளந்தோம் என்று சொல்ல முடியாது. ஆவியை மட்டும் குமிழில் நிரப்பி எடைபோடும் டூமா முறையில் இந்தச் சிக்கல் இல்லை.

ஒவ்வொரு முறை அளக்கும்போதும் α வேறாக வருகிறது

α சிறியதாக இருக்கும்போது இது நிகழும். கணக்கில் தவறு இல்லை, ஏறத்தாழச் சமமான இரண்டு எண்களைக் கழிப்பதில்தான் சிக்கல். N2O4-க்கு d = 45.0 என்று அளந்தால் α = 0.022. அளவீட்டில் அரை அலகு பிழை இருந்து 44.5 ஆனால் 0.034. 45.5 ஆனால் 0.011. அடர்த்தியில் ஒரு சதவீதம் பிசகியதற்கு α மூன்று மடங்கு ஆடுகிறது. Kp, α-வின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது ஒன்பது மடங்கு ஆடும்.

அதே ஒரு சதவீதப் பிழை d = 32.4-இல் இருந்தால் α 0.419-இலிருந்து 0.434 வரை போகும், அவ்வளவுதான். எனவே ஆய்வகத்தில் தேர்வு செய்ய இடமிருந்தால், வெப்பநிலையை உயர்த்தியோ அழுத்தத்தைக் குறைத்தோ α-வை 0.3 முதல் 0.7 வரையிலான பகுதிக்குக் கொண்டுவந்து அளப்பது நல்லது. ஒன்றுக்கு மிக அருகில் போனாலும் Kp-க்கு ஆபத்துதான், ஏனென்றால் அப்போது பகுதியில் உள்ள 1 − α சிறுத்துவிடும். கஹூரின் 300 °C எண்ணிலிருந்து Kp கணக்கிட்டால் 3.65 என்பதில் 0.02 மாறினாலே விடை மடங்குக்கணக்கில் மாறும். 182 °C எண்ணை நம்பிக் கணக்கிடலாம்.

தேர்வில் கொடுத்த எண்களுக்கு இந்தக் கவனம் வேறு வடிவில் தேவை. PCl5-க்கு d = 100 என்றிருக்கும்போது D-ஐ 104.25-க்குப் பதில் 104 என்று சுருக்கினால் α 0.0425-இலிருந்து 0.040 ஆகிறது. d = 70-க்கு அதே சுருக்கம் 0.489-ஐ 0.486 ஆக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். α சிறியது என்று எல்லைச் சோதனையிலேயே தெரிந்துவிடும் என்பதால், அப்படிப்பட்ட வினாவில் தொடக்கத்திலிருந்தே ஓரிரு இலக்கங்களைக் கூடுதலாக வைத்துக்கொண்டு, கடைசியில் மட்டும் சுருக்குங்கள்.